மணிக்கட்டு முறிந்த பிறகும் பாலை நம்பலாமா?

கேள்வி: எனக்கு 64 வயது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டித்தான் வீடு. 41 வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். சினைப்பைகளையும் சேர்த்தே எடுத்துவிட்டதாக அப்போது கொடுத்த சீட்டில் எழுதியிருக்கிறது. போன வருஷம் வாசல் தெளித்த ஈரத்தில் வழுக்கி, கையை ஊன்றினேன். வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டார்கள். அதிலிருந்து மருமகள் தினமும் படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் தருகிறாள். மகனோ, பால் நிறையக் குடிக்கிற நாட்டில்தான் எலும்பு அதிகம் முறிகிறதாம், நிறுத்திவிடு என்று கைப்பேசியில் எதையோ காட்டுகிறான். மருந்துக் கடையில் கொடுத்த வைட்டமின் டி பவுடர் பாக்கெட்டை வாரம் ஒன்றாகப் பத்து மாதமாகச் சாப்பிடுகிறேன். இந்த ஊர் வெயிலில் இருக்கிறவளுக்கு அது எதற்கு என்றும் தோன்றுகிறது. பௌர்ணமி தவறாமல் 14 கிலோமீட்டர் மலை சுற்றுகிறேன். காலையில் இட்லி, காபி, மதியம் சோறு, சாம்பார், ஒரு காய், கடைசியில் தயிர், சாயந்திரம் டீ, ராத்திரி தோசையும் அந்தப் பாலும். இதுதான் என் சாப்பாடு. பாலா, வைட்டமினா, நடையா, எது என் எலும்பைக் காப்பாற்றும்?

— ஒரு வாசகி, அடி அண்ணாமலை

பதில்: அம்மா, சாப்பாட்டை இவ்வளவு விவரமாக எழுதியது நல்லதாயிற்று. இல்லாவிட்டால் உங்களுக்கும் உங்கள் மகனுக்கும் நடக்கிற வழக்கில் தீர்ப்புச் சொல்ல முடியாது. பால் எலும்புக்கு நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது. அதைக் குடிக்கிறவர் மற்ற நேரத்தில் என்ன சாப்பிடுகிறார் என்று தெரிந்தால்தான் சொல்லலாம். அதனால் உங்கள் தட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

பசும்பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 120 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. நம் வீட்டு அளவில் காலைக் காபியில் 100 மில்லி பால் சேரும், டீயில் 60 மில்லி, ராத்திரி டம்ளரில் 200 மில்லி. மொத்தம் 360 மில்லி. கால்சியம் சுமார் 430 மில்லிகிராம். மதியம் ஒரு கிண்ணம் தயிர் இன்னொரு 120. சோறு, பருப்பு, காய், இட்லி எல்லாம் சேர்ந்து 200 முதல் 250 வரை தரலாம். கூட்டிப் பார்த்தால் 750லிருந்து 800க்குள் நிற்கிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் வேண்டும் என்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வகுத்த அளவு சொல்கிறது. பாலையும் வைத்துக்கொண்டே உங்களுக்கு 400 குறைகிறது. மகன் பேச்சைக் கேட்டுப் பாலையும் தயிரையும் அடியோடு நிறுத்தினால் மிஞ்சுவது 250 மில்லிகிராம். அது எந்த வயதுக்கும் போதாது.

மகன் காட்டியது பொய்யில்லை. 2014இல் சுவீடனிலிருந்து அப்படி ஓர் ஆய்வு வந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை இருபது வருஷம்போலத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று கிளாஸும் அதற்கு மேலும் பால் குடித்தவர்களுக்கு இடுப்பு முறிவு குறையவில்லை; கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. உலகம் முழுக்கப் பத்திரிகைகள் தலைப்புப் போட்ட செய்தி அது. ஆனால் அந்தப் பெண்களின் சாப்பாடு வேறு. பாலே குடிக்காத நாளிலும் சீஸ், தயிர் என்று அவர்களுக்குக் கால்சியம் வந்து சேர்ந்துவிடும். நிரம்பிய பாத்திரத்தில் மேலும் ஊற்றினால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்த ஆய்வு பார்த்தது. இன்னொன்று, யாருக்கும் பால் கொடுத்துச் சோதித்ததில்லை. குடிக்கிறவர்களைக் கவனித்துக் குறித்துக்கொண்டதுதான். எலும்பு பலவீனம் என்று தெரிந்த பிறகு பாலைக் கூட்டிக்கொண்டவர்களும் அந்தக் கணக்கில் இருந்திருக்கலாம். நீங்களே முறிந்த பிறகுதானே இரவுப் பாலைத் தொடங்கினீர்கள்? நாளை யாராவது உங்களைக் கணக்கெடுத்தால் 'பால் குடிப்பவர், எலும்பு முறிந்தவர்' என்ற கட்டத்தில் உங்கள் பெயரையும் போடுவார்கள். ஆய்வை எழுதியவர்களே அவசரப்பட்டு முடிவுக்கு வர வேண்டாம் என்று எச்சரித்தார்கள். அந்த வரி கைப்பேசிக் காணொலிகளில் வருவதில்லை.

பாலைக் கொடுத்தே சோதித்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். அந்த ஆய்வு 2021இல் வெளியானது. 60 முதியோர் இல்லங்கள், ஏழாயிரம் பேர், சராசரி வயது 86. பாதி இல்லங்களில் வழக்கமான சாப்பாடு. மற்ற பாதியில் பால், தயிர், சீஸ் கூடுதல். கூடுதலாகப் பெற்றவர்களின் கால்சியம் 700 மில்லிகிராமிலிருந்து 1,100க்கு மேல் போனது. புரதமும் 58 கிராமிலிருந்து 69 ஆனது. இரண்டு வருஷத்தில் அந்த இல்லங்களில் எலும்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இடுப்பு முறிவு அதைவிடவும் அதிகமாக, 46 சதவீதம் குறைந்தது. அவர்கள் தொடங்கிய 700 உங்கள் 780க்கு எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். குறையாக இருக்கிறவருக்குப் பால் வேலை செய்கிறது. நிறைவாக இருப்பவருக்கு அதனால் கூடுதல் லாபமில்லை. இரண்டு ஆய்வும் சண்டை போடவில்லை.

அந்த ஆஸ்திரேலியக் கணக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது புரதம். இட்லி, சோறு, தோசை என்று ஓடுகிற நாளில் நம் வீட்டு வயதான பெண்கள் கோட்டைவிடுவது அதைத்தான். பருப்பைக் குழம்பில் கரைத்துவிட்டு, கெட்டியான பகுதியைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுத் தெளிவைத் தான் ஊற்றிக்கொள்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஒரு டம்ளர் பாலில் ஆறு, ஏழு கிராம் புரதம் இருக்கிறது. எலும்புக்கு மட்டுமில்லை, விழும்போது உங்களைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய தொடைத் தசைக்கும் அது வேண்டும்.

ஆகவே இரவு டம்ளர் இருக்கட்டும். ஆனால் படுக்கும் நேரத்தில் வேண்டாம்; சாயந்திரம் டீக்குப் பதிலாகக் குடியுங்கள். படுக்கும் முன் குடித்த பால் இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுப்பிவிடும். தூக்கக் கலக்கத்தில், இருட்டில், ஈரக் குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்தவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். நீல பாக்கெட்டா, பச்சையா, ஆரஞ்சா என்று யோசிக்க வேண்டாம். கொழுப்பு மாறுமே தவிர கால்சியம் ஏறக்குறைய ஒன்றுதான். கறந்த பால் வாங்குகிறீர்கள் என்றால் தண்ணீர் கலக்கிற அளவுக்குக் கால்சியமும் குறையும், அவ்வளவுதான். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்கள் அதையே தயிராக, மோராக எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் குறைகிற 400க்கு, கேழ்வரகு மாவு 50 கிராம் போட்டுக் களியோ கூழோ செய்தால் 180 மில்லிகிராம் வரும். ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை 150 தரும். இரண்டையும் தினமும் சாப்பிட உங்களால் முடியாது, எனக்கும் முடியாது. முடியாத நாட்களுக்குச் சாப்பாட்டோடு 500 மில்லிகிராம் கால்சியம் மாத்திரை ஒன்று போதும். சிறுநீரகக் கல் வந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். எலும்புக்கென்றே விளம்பரம் செய்கிற இனிப்புப் பவுடர்கள் எதுவும் தேவையில்லை.

இனி வெயில். 'இந்த ஊர் வெயிலில் இருக்கிறவளுக்கு எதற்கு' என்கிறீர்கள். நம் பக்கத்து மருத்துவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் நாளமில்லாச் சுரப்பியியல் துறை, தென்னிந்தியாவின் சிறு நகர்ப்புறப் பகுதி ஒன்றில் மாதவிடாய் நின்ற, நடமாட்டமாக இருக்கிற 150 பெண்களைப் பரிசோதித்து 2008இல் எழுதியது. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எலும்புத் தேய்மானம் இருந்தது. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வைட்டமின் டி குறைவாக இருந்தது. யாரும் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் இல்லை. உங்களைப்போல எழுந்து வீட்டு வேலை செய்துகொண்டிருந்தவர்கள்தான்.

வெயில் கொளுத்துகிற ஊரில் இது எப்படி என்றால், வைட்டமின் டி சூட்டிலிருந்து வருவதில்லை, வெளிச்சத்திலிருந்தும் வருவதில்லை. சூரிய ஒளியில் புற ஊதா பி என்ற ஒரு பகுதி மட்டும்தான் தோலில் அதை உண்டாக்கும். சூரியன் சாய்வாக இருக்கிற நேரத்தில் அந்தப் பகுதியைக் காற்று மண்டலமே வடிகட்டிவிடும். நமக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிற திருப்பதியில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். காலை 11 மணியிலிருந்து மதியம் 2 மணி வரைதான் நன்றாக உண்டாகிறது. நாம் 'இளவெயில் உடம்புக்கு நல்லது' என்று விடியற்காலை ஆறரை மணிக்குத் திண்ணையில் உட்கார்கிறோமே, அந்த வெயிலால் கிடைப்பது இதமான சூடு மட்டும்தான். பௌர்ணமி இரவு 14 கிலோமீட்டர் நடந்தாலும் வைட்டமின் டி கணக்கில் அது பூஜ்யம். நிலா வெளிச்சத்தைக் குறை சொல்லவில்லை.

நேரம் பார்க்கக் கடிகாரம் வேண்டாம். வெளியே நின்று நிழலைப் பாருங்கள். அது உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் தோல் வேலை செய்கிற நேரம். நீளமாக இருந்தால் இல்லை. குட்டை நிழல் நேரத்தில் முகம், முழங்கைவரை கை, கணுக்கால் தெரிய வாரத்தில் சில நாள் கால் மணி முதல் அரை மணி நேரம் வெளியே நிற்கலாம். ஆனால் 64 வயதில் தோலே மெலிந்து போயிருக்கும். இருபது வயதில் உண்டாக்கியதில் பாதியை உண்டாக்கினால் அதிகம். நம் கருத்த தோலுக்கு நேரமும் கூடுதலாக வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு பாட்டியை உச்சி வேளையில் நிற்கச் சொல்ல எனக்கு மனம் வராது. பாலில் கிடைக்காதா என்றால், கறந்த பாலில் அது இல்லாத மாதிரிதான். '+எஃப்' முத்திரை போட்ட செறிவூட்டிய பாலில்கூட லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட் வரைதான் சேர்க்கச் சட்டம் சொல்கிறது. ஒரு டம்ளரில் 40 முதல் 60 யூனிட் வரும். உங்கள் வயதுக்குத் தேவை தினம் 600 முதல் 800 யூனிட். அதனால் வைட்டமின் டிக்கு மாத்திரையே சுலபமான வழி.

ஆனால் நீங்கள் செய்கிற மாதிரி இல்லை. அந்தப் பவுடர் பாக்கெட் ஒன்றில் 60,000 யூனிட் இருக்கும். குறைவு என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தவருக்கு வாரம் ஒன்றாக எட்டு வாரம் கொடுத்து, பிறகு மாதம் ஒன்றாகவோ தினம் ஒரு சிறு மாத்திரையாகவோ மாற்றுவதுதான் வழக்கம். நீங்கள் பரிசோதனையே இல்லாமல் பத்து மாதம் போட்டிருக்கிறீர்கள். நாற்பது பாக்கெட்டுக்கு மேல் ஆகிறது. 24 லட்சம் யூனிட். சிலருக்கு இது ஒன்றும் செய்யாது. சிலருக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, ஒரு மாதிரி மந்தம் என்று தொடங்கிக் கடைசியில் சிறுநீரகத்தில் போய் நிற்கும். இன்றே பாக்கெட்டை நிறுத்திவிட்டு, இந்த வாரத்திலேயே ரத்தத்தில் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி, கால்சியம், கிரியாட்டினின் மூன்றையும் பார்த்துவிடுங்கள். டி அளவு 20 நானோகிராமுக்கு மேலே, 30 சுமாரில் இருந்தால் போதும். அதையும் தாண்டி ஏற்றினால் எலும்பு இன்னும் பலமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் இருபத்தைந்தாயிரம் பேரிடம் பாதிப் பேருக்குத் தினம் 2,000 யூனிட் கொடுத்து ஐந்து வருஷம் பார்த்தார்கள். ஏற்கெனவே ஓரளவு போதுமானதாக இருந்த அந்தக் கூட்டத்தில் எலும்பு முறிவு குறையவே இல்லை.

அதிகமானால் நேர்மாறாகவும் போகும். ஆஸ்திரேலியாவில் 70 வயது கடந்த 2,256 பெண்களில் பாதிப் பேருக்கு வருஷத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்தார்கள். தினமும் மாத்திரை போடுகிற தொல்லை வேண்டாமே என்ற நல்ல எண்ணம்தான். 2010இல் முடிவு வந்தபோது, வைட்டமின் வாங்கியவர்கள்தான் அதிகம் விழுந்திருந்தார்கள், அவர்களுக்குத்தான் அதிகம் முறிந்திருந்தது. நம் ஊரில் 'ஒரு ஊசி போட்டால் வருஷம் முழுக்கக் கவலையில்லை' என்று 6 லட்சம் யூனிட் ஊசியை யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

உண்மையாகவே டி குறைந்தவரை எப்படித் தெரியும் என்று அடுத்த வீட்டுக்காரர் கேட்டால் சொல்லுங்கள்: தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாது, படியேறத் தொடை ஒத்துழைக்காது, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை விரலால் அழுத்தினால் வலிக்கும், நடை ஆடி ஆடி இருக்கும். முழங்கால் தேய்மானம் என்று வருஷக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த சிலருக்கு நோய் இதுவாகத்தான் இருந்திருக்கிறது. அவர்களுக்கு வைட்டமின் டி கொடுத்தால் இரண்டு, மூன்று மாதத்தில் எழுந்து நடப்பார்கள். இந்தக் கூட்டத்துக்கு அது அமிர்தம்.

இப்போது உங்கள் நடைக்கு வருகிறேன். கிரிவலத்தை விடச் சொல்லப் போவதில்லை, பயப்பட வேண்டாம். இதயம், சர்க்கரை, மனசு எல்லாவற்றுக்கும் நல்லது. எலும்புக்கு மட்டும் நீங்கள் நினைக்கிற அளவு பயன் இல்லை. எலும்பு தான் வழக்கமாகச் சுமக்கிற பாரத்தைக் கண்டுகொள்ளாது. புதிதாக, திடீரென, கனமாக ஒன்று வந்தால்தான் தன்னைக் கெட்டிப்படுத்தும். சமதளமான தார் ரோட்டில் ஐம்பது வருஷமாக நடக்கிற காலுக்கு அந்த நடை ஒரு செய்தியே இல்லை. அதுவும் மாதம் ஒரு தடவை. கால்சியமும் வைட்டமின் டியும் செங்கல்லும் மணலும் வந்து இறங்கிய மாதிரி. பாரம் என்கிற கொத்தனார் வரவில்லை என்றால் அவை தெருவில்தான் கிடக்கும். உங்கள் மாமியார் காலத்தில் கிணற்றில் இறைத்து, குடத்தை இடுப்பில் வைத்து, ஆட்டுக்கல்லைச் சுற்றி அந்தப் பாரம் தானாகக் கிடைத்தது. இப்போது மோட்டாரும் கிரைண்டரும் செய்கின்றன. பழைய காலம் திரும்ப வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தக் குடத்தாலேயே முதுகெலும்பு நொறுங்கிக் கூன் விழுந்தவர்களும் உண்டு.

பாரம் கொடுத்தால் இந்த வயதிலும் எலும்பு கேட்குமா என்றால், கேட்கிறது. ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களை வைத்து ஒரு சோதனை, 2018இல் வெளியானது. ஒரு பாதிக்கு வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, கனமான எடை தூக்கவும் குதித்து இறங்கவும் வைத்தார்கள். மறு பாதிக்கு வீட்டில் லேசான உடற்பயிற்சி. எட்டு மாதத்தில் எடை தூக்கியவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது, மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. இதைப் படித்துவிட்டு நாளைக்கே அரிசி மூட்டையைத் தூக்கிவிடாதீர்கள். அவர்கள் முதல் மாதம் முழுக்கத் தூக்கும் விதத்தைத்தான் கற்றார்கள். நீங்கள் தொடங்க வேண்டிய இடம் ஒரு நாற்காலி.

கைப்பிடி இல்லாத, ஆடாத நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, அரை நிமிடத்தில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று மருமகளை எண்ணச் சொல்லுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12க்குக் குறைந்தால் விழும் ஆபத்து இருக்கிறது என்று பொருள். அடுத்து, சமையல் மேடையை ஒட்டி நின்று, பிடிக்காமல் ஒற்றைக் காலில் நில்லுங்கள். ஐந்து நொடி நிற்க முடியாவிட்டால் அது எனக்கு எக்ஸ்ரேயைவிடப் பெரிய தகவல். ஏனென்றால் இடுப்பு எலும்பு பெரும்பாலும் தானாக முறிவதில்லை, பக்கவாட்டில் விழுவதால் முறிகிறது. எலும்பு அடர்த்தியைக் கூட்ட வருஷம் பிடிக்கும். விழாமல் இருப்பதற்கான பயிற்சியோ சில மாதத்திலேயே பலன் தரும். சமநிலைப் பயிற்சியும் தசைப் பயிற்சியும் சேர்ந்தால் விழுவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. உலகம் முழுக்க நடந்த சோதனைகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டுக் கணக்கு அது. வெறும் நடைக்கு அப்படி ஒரு பலன் அதில் உறுதிப்படவில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். காலையில் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள், மாலையில் பத்து. சுலபமாகிவிட்டால் ஒரு பையில் இரண்டு கிலோ அரிசியை மார்போடு அணைத்துக்கொண்டு எழுங்கள். சுலபமாக இருக்கிற வரை பயனில்லை, எட்டாவது தடவை சிரமப்பட வேண்டும். திண்ணைப் படியில் கைப்பிடியோடு ஏறி இறங்குங்கள். சாதம் வேகும் நேரத்தில் மேடையில் ஒரு விரல் வைத்தபடி ஒற்றைக் காலில் நில்லுங்கள். குதிகாலை உயர்த்தித் 'தட்'டென்று தரையில் இறக்குங்கள், இருபது தடவை. வாரத்தில் மூன்று நாளாவது. முழங்கால் கொஞ்சம் வலித்தால் நாற்காலிமேல் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

செய்யக் கூடாததும் இருக்கிறது, இதைச் சொல்ல ஆளில்லை. எலும்பு தேய்ந்தவர் முதுகை முன்னால் வளைத்துப் பாரம் ஏற்றக் கூடாது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் 1984இல் வெளியான ஆய்வில், முன் வளையும் பயிற்சி மட்டும் செய்த பெண்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு முதுகெலும்பில் புது நொறுங்கல் ஏற்பட்டிருந்தது. பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் பத்துக்கு இரண்டு பேருக்கும் குறைவு. ஆகவே யோகா வகுப்பில் பச்சிமோத்தாசனம் சொல்லிக்கொடுத்தால், மணிக்கட்டு முறிந்த கதையைச் சொல்லி விலகிக்கொள்ளுங்கள். வீட்டில் இதே தப்பு தினமும் நடக்கிற இடம் வாசல். காலை அகட்டி, இடுப்பிலிருந்து குனிந்து, முதுகை வில்லாக வளைத்துத்தான் கோலம் போடுகிறோம். ஒரு முக்காலியில் உட்கார்ந்து போடுங்கள். தண்ணீர் தெளிக்கிறதை மருமகளிடம் விட்டுவிடுங்கள். தெளித்த ஈரத்தில் ஏற்கெனவே ஒரு தடவை பட்டாயிற்று. அடிப்பாகம் தேய்ந்து வழவழப்பான ரப்பர் செருப்பு இருந்தால் அதையும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பால், வைட்டமின், நடை என்று மூன்றைக் கேட்டீர்கள். உங்கள் நிலையில் இந்த மூன்றுமே முதல் இடத்தில் இல்லை.

கடிதத்தில் போகிறபோக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று, 41 வயதில் சினைப்பைகளையும் எடுத்தது. எலும்பைக் கரைக்கிற செல்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். இயல்பாக மாதவிடாய் நிற்கிறவருக்கு அது நாற்பதுகளின் பிற்பாதியில்தான் குறையத் தொடங்கும். உங்களுக்கு ஒரே நாளில் நின்றுவிட்டது. உங்கள் எலும்புக்கு உங்கள் வயதைவிட ஐந்தாறு வருஷம் கூடுதல் வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிக ரத்தப்போக்கு என்று போய், கர்ப்பப்பையோடு சினைப்பையையும் நாற்பதிலேயே எடுத்துக்கொண்டு வந்த பெண்கள் நம் கிராமங்களில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். உங்கள் எலும்பு இனி வேகமாகத் தேயும், கவனியுங்கள் என்று அவர்களில் யாருக்கும் யாரும் சொல்லி அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இரண்டு, நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தது. மாடியிலிருந்து விழவில்லை, வண்டி மோதவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் இப்படி முறிந்தால், கட்டுப் போட்டு அனுப்பியதோடு வேலை முடியவில்லை. அடுத்த முறிவு முதுகிலோ இடுப்பிலோ வரக்கூடும் என்பதற்கு முன்னறிவிப்பு அது. உங்களுக்கு டெக்ஸா என்கிற எலும்பு அடர்த்திப் பரிசோதனை வேண்டும். திருவண்ணாமலையில் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லாவிட்டால் வேலூர் போய் வரலாம். இலவச முகாமில் குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிறார்களே, அந்த முடிவை வைத்து மருந்து தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. இடுப்பிலும் முதுகிலும் எடுத்த டெக்ஸாவில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புத் தேய்மானம் உறுதி. உயரத்தையும் அளந்து பாருங்கள். இளவயதில் இருந்ததைவிட ஒன்றரை அங்குலத்துக்கு மேல் குறைந்திருந்தால், வலியே தெரியாமல் முதுகெலும்பு ஒன்று நொறுங்கியிருக்கலாம். அதற்கு ஓர் எக்ஸ்ரே வேண்டும்.

தேய்மானம் உறுதியானால் மருந்து உண்டு. வாரம் ஒரு தடவை போடுகிற அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை பல வருஷமாகப் புழக்கத்தில் இருக்கிறது, விலையும் கைக்கு எட்டுவதுதான். முதுகெலும்பு நொறுங்கிய பெண்களிடம் அது இடுப்பு முறிவைப் பாதியாகக் குறைத்தது என்று 1996இலேயே காட்டியிருக்கிறார்கள். பாலோ வைட்டமினோ நடையோ உங்களைப் போன்ற ஒருவருக்கு அந்த அளவு பலனைத் தந்ததாகக் காட்டியவர் இல்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வருஷம் ஒரு தடவை சொட்டு மருந்தாக ஏற்றுகிற சோலெட்ரோனிக் அமிலம் இருக்கிறது. இரண்டுக்கும் முன்பு சிறுநீரகமும் வைட்டமின் டியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும். டி குறைவாக இருக்கும்போது ஏற்றினால் ரத்தக் கால்சியம் சடாரென்று இறங்கிவிடும். பல் பிடுங்குகிற வேலை பாக்கி இருந்தால் அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். மூட்டுவலிக்குப் பெயர் போடாத பொடி ஏதாவது சாப்பிட்டு வந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அப்படிப்பட்ட சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு, எலும்புக்கு அதைப்போல எதிரி இல்லை.

அலெண்ட்ரோனேட் மாத்திரை எழுதிக் கொடுத்தால் விடியற்காலை வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் நின்றோ உட்கார்ந்தோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். மருமகளிடம் தனியாகச் சொல்லி வையுங்கள்: அந்த அரை மணிக்குள் காபி வேண்டாம், முக்கியமாகப் பால் வேண்டாம். பாலில் இருக்கிற கால்சியம் மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு துளியும் உடம்பில் சேராது.